ஆறு கண்மாய், மூன்று ஆண்டு: விலையேற்றத்தோடு திட்ட பட்ஜெட் போடுவது எப்படி?

மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு பட்ஜெட் கேட்டால் பலர் செய்வது இதுதான். மொத்தச் செலவை இன்றைய விலையில் கூட்டுவார்கள், மூன்றால் வகுப்பார்கள், இரண்டாம் ஆண்டிலிருந்து 7 அல்லது 10 சதவீதம் ஏற்றிவிடுவார்கள். தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரண்டாம் ஆண்டு நடுவில் பணம் போதாமல் போகும்போதுதான் கணக்கு எங்கே தப்பியது என்று தேடுவார்கள். பெரும்பாலும் சதவீதத்தில் தவறு இருக்காது. வேலை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைப் பார்க்காமல் சதவீதத்தை ஏற்றியதுதான் தவறு. விலையேற்றமும் செலவுக் கட்டங்களும் தனித்தனிக் கணக்கு அல்ல என்பதை ஒரு திட்டத்தை முழுக்கப் போட்டுப் பார்த்தால் புரியும்.

எடுத்துக்கொள்ளும் திட்டம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் வழக்கமாக நடப்பது போன்றது. ஓர் அறக்கட்டளை, ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைப் பெற்று ஆறு கண்மாய்களைச் சீரமைக்கிறது. தண்ணீர் நிற்கும் பரப்பான உள்வாயில் மண் எடுத்துக் கரையைப் பலப்படுத்த வேண்டும், மடைகளையும் மிகைநீர் வழியும் கலுங்கையும் பழுதுபார்க்க வேண்டும். காலம் 2026 ஜூலை 1 முதல் 2029 ஜூன் 30 வரை. கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு, பிறகு நாள்காட்டி

பட்ஜெட்டின் முதல் தாளில் ரூபாயே இருக்கக் கூடாது. எந்த மாதத்தில் எத்தனை கண்மாய், எத்தனை ஆள், எத்தனை கன மீட்டர் என்பது மட்டும் இருக்க வேண்டும்.

கண்மாய் வேலைக்கு நாள்காட்டியை மழைதான் எழுதுகிறது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் தண்ணீர் சேரும். நெல் அறுவடை முடிந்து உள்வாய் காய்ந்து இயந்திரம் இறங்கும் அளவுக்கு இறுக மார்ச் கடைசி ஆகிவிடும். ஆக, மண் வேலைக்குக் கிடைப்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. திட்டம் ஜூலையில் தொடங்கினாலும் 2026 செப்டம்பருக்குள் மண் வேலை எதுவும் நடக்காது. நில அளவை எடுக்க வேண்டும், ஆயக்கட்டு விவசாயிகளுடன் பேசி முடிவுக்கு வர வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் பெறும் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆறு கண்மாய்களில் இரண்டு வகையும் கலந்திருந்தால் அனுமதிக்கு இரண்டு அலுவலகங்களுக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

இதை வைத்து வேலையைப் பிரித்தால் இப்படி வருகிறது: 2027 ஏப்ரல்–ஜூனில் ஒரு கண்மாய், ஜூலை–செப்டம்பரில் ஒன்று, 2028 ஏப்ரல்–ஜூனில் இரண்டு, ஜூலை–செப்டம்பரில் இரண்டு. 2029 ஏப்ரல்–ஜூனில் வேலை எதுவும் வைக்கவில்லை. அது தள்ளிப்போகும் வேலைக்கான இடம். மூன்று ஆண்டுத் திட்டத்தில் கடைசிப் பருவத்தையும் நிரப்பி வைப்பவர்கள், எந்தத் தாமதமும் வராது என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அடிப்படை விலையும் அதன் தேதியும்

எல்லா விலைக்கும் ஒரே அடிப்படைத் தேதி வேண்டும். இங்கே அது 2026 ஜூன். சம்பளம் நடப்பு விலை, இயந்திர வாடகை சென்ற ஆண்டு பில், சிமெண்ட் வேலை இரண்டு ஆண்டுக்கு முந்தைய மதிப்பீடு என்று கலந்து வைத்து அதன்மேல் விலையேற்றம் போட்டால், எந்த வரியில் எவ்வளவு ஏறியது என்பது போட்டவருக்கே தெரியாது.

ஒரு கண்மாய்க்கு 25,000 கன மீட்டர் மண், கன மீட்டருக்கு 60 ரூபாய் என்றால் 15 லட்சம். மடை, கலுங்கு வேலை கண்மாய்க்கு 3.50 லட்சம். இரண்டும் ஜிஎஸ்டி சேர்த்த விலை. இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வரி தனி என்று சொன்னால் 18 சதவீதம் சேர்ந்து 15 லட்சம் 17.70 லட்சமாகிவிடும். உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் வழி இல்லாத அறக்கட்டளைக்கு அது முழுக்கச் செலவுதான்.

இன்னொரு பள்ளம், அளக்கும் முறை. நம் பக்கம் மண்ணுக்கு யூனிட் கணக்குதான். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கன மீட்டருக்கு 60 என்பதும் யூனிட்டுக்கு 170 என்பதும் ஒன்றுதான். ஆனால் பட்ஜெட்டில் இருக்கும் 25,000 கன மீட்டர், தரையில் இறுகிக் கிடக்கும் மண்ணின் அளவு. வெட்டி டிப்பரில் ஏற்றியதும் அது உப்பிவிடும். 25 சதவீதம் உப்பினால் 8,830 யூனிட்டாக இருந்தது 11,000 யூனிட்டைத் தாண்டும். லோடு எண்ணிப் பணம் கொடுத்தால் ஒரு கண்மாய்க்கு ஏறக்குறைய 3.75 லட்சம் கூடுதல். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று நான்கு ஆண்டுகளில் ஏறும் விலை இந்த ஒரே குழப்பத்தில் ஏறிவிடுகிறது. வேலைக்கு முன்னும் பின்னும் லெவல் எடுத்து, தரை அளவுக்கே பணம் என்று வேலை உத்தரவில் எழுதினால் இது வராது.

மற்றவை எளியவை. திட்ட மேலாளர், பொறியாளர், இரண்டு களப்பணியாளர்கள், பாதி நேரக் கணக்காளர் ஆகியோருக்கு நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் சேர்த்து மாதம் 1.25 லட்சம். வாகனம், அலுவலகம், தணிக்கைக்கு மாதம் 30,000. ஆறு கண்மாய்க்கும் அளவை, லெவல் கருவி, கணினி எல்லாம் சேர்த்து 4 லட்சம். இது முதல் ஆறு மாதத்திலேயே முடிந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் அதன் சதவீதம்

எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போடுவது சோம்பல். சம்பளத்துக்கு அமைப்பின் ஊதிய விதி இருக்கிறது. இங்கே 8 சதவீதம். மண் வேலைக்கு 6, கட்டுமான வேலைக்கு 5, அலுவலகச் செலவுக்கு 5. முதல் ஆறு மாதத்தில் வாங்கி முடிக்கும் கருவிக்கும் அளவைக்கும் பூஜ்யம். அந்த வரியையும் சேர்த்து ஏற்றியிருக்கும் பட்ஜெட்டைப் பார்த்தாலே, மொத்தத்தில் சதவீதம் போட்டது நன்கொடை நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்குத் தெரிந்துவிடும்.

6 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பழைய பில்களே சான்று. மூன்று ஆண்டுக்கு முன் இயந்திரம் மணிக்கு 1,100 ரூபாய், இப்போது 1,310 என்றால் ஏற்றம் 19 சதவீதம். அதை மூன்றால் வகுத்து 6.4 என்று எடுக்கக் கூடாது. கூட்டு விகிதத்தில் அது 6 சதவீதம்தான். 6.4-ஐ எடுத்து மறுபடி கூட்டு விகிதமாகப் போட்டால் ஏற்றத்தின் மேல் ஏற்றம் இரண்டு தடவை ஏறும்.

டீசல் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஏறுவதில்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும், பிறகு குதிக்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். ஒன்றிய அரசு 2021 நவம்பரில் டீசல் கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தது. அதனால் டீசலுக்குப் பட்ஜெட்டில் தனி வரிசை போட்டு ஊகிப்பதைவிட, இயந்திர வாடகை பருவத்துக்குப் பருவம் எப்படி ஏறியது என்று பார்ப்பது நம்பகமானது. வாடகைக்காரர்கள் பருவத் தொடக்கத்தில், ஏப்ரலில்தான் விலையை மாற்றுவார்கள். செப்டம்பர் வரை அதே விலை ஓடும்.

ஏப்ரல் 1 எத்தனை முறை கடந்தது?

இங்கேதான் பெரும்பாலான பட்ஜெட்டுகள் சறுக்குகின்றன. திட்ட ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. சம்பள உயர்வும் வாடகை உயர்வும் ஏப்ரலில் வருகின்றன. முதல் ஆண்டு என்பதால் விலையேற்றம் இல்லை என்று விட்டுவிட்டால், அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதம் உயர்ந்த சம்பளத்தில் ஓடுவதைத் தவறவிடுகிறோம்.

சம்பளத்தில் இது சிறியது. மூன்று ஆண்டுக்கு 15.00, 16.20, 17.50 லட்சம் என்று போட்டால் 48.70 லட்சம். மாதவாரியாகப் போட்டால் 49.67 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் கீழே. மண் வேலையில் அப்படியில்லை. முதல் ஆண்டின் ஒரே கண்மாய் 2027 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆக, அடிப்படை விலையில் நடக்கும் வேலை என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு கண்மாய் 6 சதவீதம் கூடுதலாக, மீதி நான்கும் 12.36 சதவீதம் கூடுதலாக நடக்கின்றன. மொத்தம் 99.22 லட்சம். திட்ட ஆண்டின் பெயரை மட்டும் பார்த்து முதல் ஆண்டில் ஒரு கண்மாய், இரண்டாம் ஆண்டில் மூன்று, மூன்றாம் ஆண்டில் இரண்டு என்று ஏற்றியிருந்தால் 96.41 லட்சம் வந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு கண்மாய் என்று சமமாகப் பிரித்திருந்தால் 95.51 லட்சம்தான். சதவீதத்தைத் தொடாமலேயே 3.71 லட்சம் காணாமல் போகிறது.

இதை விரிதாளில் மாதவாரியாகப் போட ஒரே சூத்திரம் போதும். `B1`-இல் அடிப்படைத் தேதி, முதல் வரிசையில் `D` முதல் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாள், `B5`-இல் விலை, `C5`-இல் சதவீதம், `Qty` என்ற தாளில் மாதவாரி அளவு:

```
=Qty!D5*$B5*(1+$C5)^(YEAR(EDATE(D$1,9))-YEAR(EDATE($B$1,9)))
```

ஒன்பது மாதம் தள்ளிப் பார்ப்பதால் ஏப்ரல் அடுத்த ஆண்டின் ஜனவரியாகிவிடும். அடுக்கு ஏப்ரல் 1-இல் தானாக ஒன்று கூடும். 2027 மார்ச்சுக்கு அடுக்கு 0, ஏப்ரலுக்கு 1 வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். விலை மாறாத வரிக்கு `C5`-இல் 0 போட்டால் போதும்.

எதிர்பாராச் செலவு

இதை மண், கட்டுமானம் இரண்டுக்கும் மட்டும் 5 சதவீதம் வைத்திருக்கிறோம். தோண்டினால் பாறை வரலாம், மடையின் அடித்தளம் நினைத்ததைவிட மோசமாக இருக்கலாம். அளவு மாறுவதற்கான பணம் இது. விலை ஏறுவதற்கு ஏற்கெனவே சதவீதம் போட்டாகிவிட்டது. அதே காரணத்தைச் சொல்லி இதையும் கேட்டால் நிதிப் பிரிவு ஒன்றை வெட்டும், வெட்டுவது எதை என்பது நம் கையில் இருக்காது.

எல்லாம் சேர்த்து, லட்சம் ரூபாயில்:

| செலவு | முதல் ஆண்டு | இரண்டாம் ஆண்டு | மூன்றாம் ஆண்டு | மொத்தம் |
|---|---|---|---|---|
| சம்பளம் | 15.30 | 16.52 | 17.85 | 49.67 |
| மண் வேலை | 15.90 | 49.61 | 33.71 | 99.22 |
| மடை, கலுங்கு | 3.68 | 11.39 | 7.72 | 22.79 |
| அளவை, கருவிகள் | 4.00 | – | – | 4.00 |
| வாகனம், அலுவலகம் | 3.64 | 3.83 | 4.02 | 11.49 |
| எதிர்பாராச் செலவு | 0.98 | 3.05 | 2.07 | 6.10 |
| மொத்தம் | 43.50 | 84.40 | 65.37 | 193.27 |

விலையேற்றமே இல்லாமல் போட்டால் இதே திட்டம் 176.35 லட்சம். அதை மூன்றால் வகுத்து ஆண்டுக்கு 7 சதவீதம் ஏற்றும் வழக்கமான முறையில் 188.98 லட்சம் வரும். மொத்தத்தில் நாலேகால் லட்சம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆண்டுவாரியாகப் பாருங்கள்: அந்த முறை கேட்பது 58.78, 62.90, 67.30. முதல் ஆண்டில் 15 லட்சம் மிஞ்சும், இரண்டாம் ஆண்டில் 21.50 லட்சம் குறையும். மிச்சத்தை எடுத்துச் செல்ல அனுமதித்தாலும் இரண்டாம் ஆண்டு முடிவில் 6 லட்சத்துக்கு மேல் பள்ளம். அனுமதிக்காவிட்டால் 2028 ஜூனில் ஒரு கண்மாய் பாதியில் நிற்கும்.

நிதியாண்டில் பார்த்தால் வேறு படம்

மேலே உள்ள அட்டவணையை அப்படியே நிறுவனத்திடம் கொடுத்தால் போதாது. அவர்கள் கணக்கு ஏப்ரல்–மார்ச். அதே மாதவாரித் தாளை நிதியாண்டாக மடித்தால் 2026-27-க்கு 17.95 லட்சம், 2027-28-க்கு 61.09, 2028-29-க்கு 108.46, 2029-30-க்கு 5.77. மொத்தம் அதே 193.27 லட்சம்தான், வடிவம்தான் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. திட்ட ஆண்டுகளில் 43, 84, 65 என்று தெரிந்தது, நிறுவனத்தின் ஏட்டில் ஒரே ஆண்டில் நூறு லட்சத்தைத் தாண்டுகிறது.

சிஎஸ்ஆர் விதிகளில் இது முக்கியம். ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு ஏற்றுக்கொண்ட திட்டத்துக்குத் தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று நிதியாண்டு வரை காலம் உண்டு. இங்கே அந்தக் காலம் 2030 மார்ச் வரை, நம் திட்டம் அதற்குள் அடங்குகிறது. ஒரு நிதியாண்டில் செலவாகாத தொகையை, அந்த ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் செலவாகாத சிஎஸ்ஆர் தொகைக்கான தனி வங்கிக் கணக்குக்கு நிறுவனம் மாற்ற வேண்டும். அறக்கட்டளையின் கணக்கில் வந்து சும்மா கிடக்கும் பணமும் செலவானதாகக் கொள்ளப்படாது. ஆகவே முதல் ஆண்டுக்கு 43.50 லட்சத்தையும் ஜூலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது வெற்றியல்ல. மார்ச் 31-இல் 25 லட்சத்துக்கு மேல் செலவாகாமல் கிடக்கும், நிதிப் பிரிவிலிருந்து தொலைபேசி வரும்.

தவணை எங்கே சிக்கும்?

வழக்கமான நிபந்தனை ஒன்று உண்டு: முந்தைய தவணையில் 75 சதவீதம் செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால் அடுத்த தவணை. ஏப்ரல் 1-இல் இயந்திரம் இறங்க வேண்டுமானால் மார்ச் கடைசியில் பணம் கணக்கில் இருக்க வேண்டும். தணிக்கையாளர் கையெழுத்து, நிறுவனத்தின் சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் வைத்தால் சான்றிதழ் ஜனவரியில் போக வேண்டும். அதில் டிசம்பர் வரையிலான செலவுதான் இருக்கும்.

முதல் தவணை 17.95 லட்சம் என்று வைத்தால் 75 சதவீதம் 13.46 லட்சம். டிசம்பர் வரை ஆறு மாதச் சம்பளம் 7.50, அலுவலகம் 1.80, அளவையும் கருவிகளும் 4.00, மொத்தம் 13.30 லட்சம். பதினாறாயிரம் ரூபாயில் நிபந்தனை தவறுகிறது. அளவைக்காரரின் பில் ஒன்று ஜனவரிக்குத் தள்ளினால் இன்னும் மோசம். ஜனவரிச் செலவையும் சேர்த்துப் பிப்ரவரியில் சான்றிதழ் அனுப்பினால் பணம் ஏப்ரல் கடைசியில் வரும். ஆறு மாதப் பருவத்தில் ஒரு மாதம் போய்விடும்.

தீர்வு இரண்டு. முதல் தவணையை 17 லட்சமாகக் குறைத்தால் தேவையான செலவு 12.75 லட்சமாக இறங்கும், நிபந்தனை தாண்டிவிடும். கைவசம் மார்ச் சம்பளத்துக்குச் சற்றுக் குறையும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் நல்லது, கையெழுத்தான வேலை உத்தரவுகளின் தொகையையும் செலவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. எந்தத் தவணையையும் ஒப்புக்கொள்ளும் முன் மாதவாரித் தாளில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க அரை மணி நேரம் போதும்.

வேலை தள்ளிப்போனால்

2028 ஆகஸ்டில் இடி மழை வலுத்து உள்வாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று வைப்போம். அந்தப் பருவத்தின் இரண்டு கண்மாய்களும் 2029 ஏப்ரலுக்குப் போகின்றன. இன்னொரு ஏப்ரல் 1 கடந்துவிட்டதால் மண் வேலையில் 2.02 லட்சம், மடை, கலுங்கில் 39 ஆயிரம், மொத்தம் 2.41 லட்சம் கூடும். மூன்றாம் ஆண்டின் எதிர்பாராச் செலவு 2.07 லட்சம் முழுதும் கொடுத்தாலும் போதாது. 2028-29 கணக்கில் செலவாகாமல் நிற்கும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைப் பார்த்து யாராவது மிச்சம் என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். அது இன்னும் விலை ஏறப்போகும் கடன்.

ஆனால் தாமதத்தின் உண்மையான செலவு இயந்திரத்தில் இல்லை. ஆறு கண்மாயும் ஒரு பருவமழையில் நிரம்பியதைக் காட்டும் அளவீடு இறுதி அறிக்கையில் வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், கடைசி இரண்டு கண்மாய்க்கும் 2029 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதச் சம்பளம் மட்டும் 9.45 லட்சம், விலையேற்றத்தைப் போல் நான்கு மடங்கு. எல்லோரும் பேரம் பேசுவது 6 சதவீதமா 7 சதவீதமா என்பதில். பேச வேண்டிய இடம் இது: தாமதமான கண்மாய்களின் அளவீட்டுக்கு ஒரு களப்பணியாளர் மட்டும் இருந்தால் போதும், முழுக் குழு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. மாதம் 1.57 லட்சம் ஓடுவது, ஒரு களப்பணியாளரின் சம்பளத்தோடு நின்றுவிடும்.